பர்மாங்கனேட் டைட்ரேஷன் வைவா: எக்ஸ்டர்னல் எங்கே மடக்குவார், என்ன சொல்லலாம்

கேள்வி: சார், குடியாத்தம் பக்கம் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் பிராக்டிகல். ஸ்டாண்டர்டு சொல்யூஷன், டைட்ரேஷன் இதில் வைவாவுக்கு என்னென்ன கேட்பார்கள்? சின்னச் சின்னதாகப் பதிலும் வேண்டும். செய்முறை வருகிறது, "ஏன்" என்று கேட்டால்தான் வாய் அடைத்துவிடுகிறது.

பதில்:

தம்பி, எல்லா டைட்ரேஷனையும் இங்கே கொட்டினால் ஒன்றும் மண்டையில் நிற்காது. நம் பக்கக் கல்லூரிகளில் அதிகம் வரும் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: ஆக்சாலிக் அமிலத்தை எடைபோட்டு ஸ்டாண்டர்டு சொல்யூஷன் தயாரித்து, அதை வைத்து பர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி கண்டுபிடித்து, அந்தப் பர்மாங்கனேட்டை வைத்துக் கொடுத்த கரைசலில் எவ்வளவு ஃபெரஸ் இரும்பு இருக்கிறது என்று சொல்வது. "ஏன்" கேள்விகளில் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கின்றன. நான் இருபது வருஷத்துக்கு மேல் லேபில் நின்றவன். எக்ஸ்டர்னல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவையும், நானே எக்ஸ்டர்னலாகப் போய்க் கேட்டவையும்தான் இவை.

முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஸ்டாண்டர்டு சொல்யூஷன் என்றால் என்ன?"

செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல் என்று ஒரே வரியில் சொல்லிவிடு. உடனே அடுத்தது வரும்: "உனக்கு எப்படித் தெரிந்தது?" பாதிப் பேர் இங்கேதான் விழிப்பார்கள். தராசு சொன்னது, ஸ்டாண்டர்டு பிளாஸ்க் சொன்னது, வேறு யாரும் சொல்லவில்லை என்பதே பதில். உன் கணக்கில் வெளியிலிருந்து வரும் உண்மை ஆக்சாலிக் அமிலத்தின் எடை ஒன்றுதான். பர்மாங்கனேட்டின் செறிவு அதிலிருந்து பிறக்கிறது, இரும்பின் அளவு பர்மாங்கனேட்டிலிருந்து பிறக்கிறது. பர்மாங்கனேட்டை லிங்க் சொல்யூஷன் என்று சொல்வது அதனால்தான். பாட்டில் மேல் யாரோ N/10 என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதே.

"பர்மாங்கனேட்டையே நேராக எடைபோட்டு ஸ்டாண்டர்டு செய்துவிட்டால் என்ன? ஆக்சாலிக் எதற்கு?"

பர்மாங்கனேட் நூற்றுக்கு நூறு சுத்தமாகக் கிடைப்பதில்லை, கொஞ்சம் மாங்கனீஸ் டைஆக்சைடு கலந்தே வரும். அதோடு தண்ணீரில் இருக்கும் தூசி, கரிமப் பொருள் எல்லாவற்றையும் ஆக்சிடைஸ் செய்து தன் செறிவை இழக்கும், வெளிச்சத்திலும் சிதையும். அதனால் அது பிரைமரி ஸ்டாண்டர்டு ஆகாது. இதைச் சொன்னால் போதும். அவர் கூடுதலாகத் தோண்டினால், கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கண்ணாடிக் கம்பளி வழியாக வடிகட்டி, பழுப்பு நிறப் பாட்டிலில் வைப்பார்கள் என்று சொல். ஃபில்டர் பேப்பரில் வடிகட்டக் கூடாது, பேப்பரே கரிமப் பொருள்தானே.

ஆக்சாலிக் அமிலமோ சுத்தமாகக் கிடைக்கும், எடைபோடும் நேரத்தில் மாறாது, ஃபார்முலா H2C2O4·2H2O, மோலார் எடை 126. ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான் கொடுப்பதால் ஈக்விவேலன்ட் எடை 63. "தண்ணீர் மூலக்கூறு இரண்டையும் சேர்த்தா எடை போட்டாய்?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல். சேர்க்காவிட்டால் 45 என்று வரும், கணக்கு மொத்தமும் சாய்ந்துவிடும். இந்த இடத்தில் நம் ஊர் வெயிலையும் நினைவில் வைத்துக்கொள். மார்ச், ஏப்ரலில் மூடி சரியாக மூடாத பாட்டிலில் இந்தப் படிகம் தன் தண்ணீரை இழக்கும். கண்ணாடிபோல் இருக்கவேண்டிய படிகம் கற்பூரத் தூள்போல் வெளுத்திருந்தால் அதைத் தொடாதே, வேறு பாட்டில் கேள். வெளுத்த தூளில் தண்ணீர் போன இடத்துக்கும் ஆக்சாலிக் வந்துவிட்டதால், உன் கரைசல் நீ கணக்கிட்டதைவிடச் செறிவாக இருக்கும்.

"சரியாக 0.63 கிராம் எடுத்தாயா?" இது ஒரு சின்னக் கண்ணி. சரியாக எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு எடுத்தோம் என்று சரியாகத் தெரிந்தால் போதும். பையன்கள் தராசு முன்னால் நின்று ஸ்பேட்டுலாவில் ஒவ்வொரு துகளாகத் தட்டித் தட்டிக் கால் மணி நேரத்தை ஓட்டுவார்கள். நீ 0.632 கிராம் எடுத்தால் 0.632 என்று எழுது. அதை 100 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் கரைத்துக் குறிவரை நிரப்பினால், லிட்டருக்கு 6.32 கிராம். 63.03-ஆல் வகுத்தால் 0.1003 நார்மல். உன் அஸ்திவாரம் இந்த எண்தான்.

கரைக்கும் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இதைப் புத்தகத்தில் ஒரு வார்த்தையில் "டிஸ்டில்டு வாட்டர்" என்று தாண்டிவிடுவார்கள். ஒரு வருஷம், ஒரு கல்லூரியில், காலை செஷனிலேயே டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டது. பிற்பகல் பேட்ச் பையன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் குழாயில் வந்த போர் தண்ணீரைப் பிடித்து ஆக்சாலிக்கைக் கரைத்தான். பிளாஸ்க் லேசான பால்போல் கலங்கிப்போனது. சரியாகக் கரையவில்லை என்று நினைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். கலங்கல் போகவில்லை, அப்புறம் மெதுவாக அடியில் படிந்தது. அவன் மேலே இருந்த தெளிந்த நீரைப் பிப்பெட்டில் எடுத்தான். பாலாற்றங்கரை நிலத்தடி நீர் பல இடங்களில் எவ்வளவு கடினம் என்று உன் வீட்டுக் குக்கர் அடியில் படியும் வெள்ளையே சொல்லும். அந்தக் கடின நீரில் இருக்கும் கால்சியம், ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஆக்சலேட்டாக வீழ்படிந்துவிட்டது. கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதுவும் முழுக்கக் கால்சியத்தால் வந்தது என்று வைத்துக்கொள். லிட்டருக்கு 5 மில்லிமோல் கால்சியம். 0.1 நார்மல் ஆக்சாலிக்கில் இருப்பதே 50 மில்லிமோல்தான். பத்தில் ஒரு பங்கு அடியில் உட்கார்ந்துவிடும். டைட்டர் குறையும், பர்மாங்கனேட் உண்மையைவிட வலுவாகத் தெரியும், கடைசியில் இரும்பு கூடுதலாக வரும். "டிஸ்டில்டு வாட்டர் ஏன்?" என்று கேட்டால், "குழாய் நீரில் இருக்கும் கால்சியம், ஆக்சலேட்டை வீழ்த்திவிடும் சார்" என்று சொல். மனப்பாடம் செய்தவன் வாயில் அந்தப் பதில் வராது.

இனி கழுவும் கேள்வி. இதைக் கேட்காத எக்ஸ்டர்னலை நான் பார்த்ததில்லை: "பியூரெட்டை எதால் ரின்ஸ் செய்தாய்? பிப்பெட்டை? கோனிகல் பிளாஸ்கை?"

பியூரெட்டையும் பிப்பெட்டையும் தண்ணீரில் கழுவியபின், அதில் எந்தக் கரைசலை எடுக்கப்போகிறோமோ அதே கரைசலால் ரின்ஸ் செய்யவேண்டும். கோனிகல் பிளாஸ்கையும் ஸ்டாண்டர்டு பிளாஸ்கையும் டிஸ்டில்டு வாட்டரில் மட்டும். காரணம் இதுதான்: பியூரெட், பிப்பெட் இரண்டும் கரைசலின் பருமனை அளப்பவை. உள்ளே ஒட்டிய தண்ணீர் கரைசலை நீர்க்கவைத்துவிடும். கோனிகல் பிளாஸ்க்கோ பிப்பெட் கொடுத்ததை வாங்கிவைத்துக்கொள்ளும் பாத்திரம். அதில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் ஆக்சாலிக் அமிலத்தின் மோல் எண்ணிக்கை மாறாது. வாஷ் பாட்டிலால் சுவரைக் கழுவிவிடலாம் என்பதும் அதனால்தான்.

"கோனிகல் பிளாஸ்கையும் ஆக்சாலிக்கால் ரின்ஸ் செய்துவிட்டால் என்ன ஆகும்?" பதிலை எண்ணோடு சொல்லிப் பார்ப்போம். உன் சரியான அளவுகள் இவை என்று வை: 20 மி.லி. ஆக்சாலிக்குக்கு 20.4 மி.லி. பர்மாங்கனேட், அடுத்து 20 மி.லி. ஃபெரஸ் கரைசலுக்கு 18.6 மி.லி. பர்மாங்கனேட்.

V1N1 = V2N2 வைத்து, பர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1003 ÷ 20.4 = 0.09833. ஃபெரஸ் கரைசலின் நார்மாலிட்டி 18.6 × 0.09833 ÷ 20 = 0.09145. இரும்பின் ஈக்விவேலன்ட் எடை 55.85, ஏனென்றால் Fe2+ ஒரே ஒரு எலக்ட்ரானை இழந்து Fe3+ ஆகிறது. 100 மி.லி.யில் இரும்பு 0.09145 × 55.85 ÷ 10, அதாவது 0.511 கிராம்.

இப்போது கோனிகல் பிளாஸ்கில் ஆக்சாலிக் அரை மி.லி. ஒட்டியிருந்தது என்று வை. டைட்டர் 20.4-க்குப் பதில் 20.9 ஆகும். பர்மாங்கனேட் 0.0960 நார்மல் என்று வரும், இரும்பு 0.499 கிராமாக இறங்கும். அரை மி.லி. அலட்சியத்துக்கு 2.4 சதவீதப் பிழை. டைட்டர் கூடினால் இரும்பும் கூடும் என்று அவசரத்தில் சொல்லிவிடாதே. முதல் டைட்ரேஷனில் கூடினால் பர்மாங்கனேட் பலவீனமாகத் தெரியும், அதனால் இரும்பு குறையும். இரண்டாவதில் கூடினால்தான் இரும்பு கூடும். முதல் டைட்டர் வகுக்கும் எண்ணாகக் கீழே போகிறது, இரண்டாவது பெருக்கும் எண்ணாக மேலே நிற்கிறது, அவ்வளவுதான். இதை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுப் போ. "இது தப்பானால் ரிசல்ட் கூடுமா குறையுமா?" என்ற வகைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

பிப்பெட் நுனியில் கடைசியாக நிற்கும் துளியை ஊதித் தள்ளினாயா என்று கேட்பார். தள்ளக் கூடாது. அந்தத் துளி உள்ளேயே நிற்கும் என்று கணக்கு வைத்துத்தான் 20 மி.லி. குறி போட்டிருக்கிறார்கள்.

"பர்மாங்கனேட்டுக்கு ஏன் மேல் மீனிஸ்கஸ்?" நிறம் அடர்த்தியாக இருப்பதால் கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேல் விளிம்பைப் படிக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் அளவு தப்பாகாதா?" என்பார். ஆகாது. தொடக்க அளவையும் முடிவு அளவையும் ஒரே மாதிரி மேலேயே படிக்கிறோம், கழிக்கும்போது அந்த வித்தியாசம் அடிபட்டுவிடும். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் படித்தால்தான் வம்பு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம், சூடு.

"ஆக்சாலிக்கை ஏன் சூடாக்கினாய்? ஃபெரஸை ஏன் சூடாக்கவில்லை?"

ஆக்சாலிக்கும் பர்மாங்கனேட்டும் குளிர்ந்த நிலையில் மிக மெதுவாக வினைபுரியும். அதனால் 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், பிளாஸ்கின் அடியைக் கையில் தொட்டால் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு. கொதிக்கவிட்டால் ஆக்சாலிக்கே சிதைய ஆரம்பிக்கும், டைட்டர் குறையும். ஃபெரஸ் வினை குளிர்ந்த நிலையிலேயே உடனே நடந்துவிடும். அதைச் சூடாக்கினால் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் Fe2+-ஐ Fe3+ ஆக்கிவிடும், பர்மாங்கனேட்டுக்கு வேலை மிச்சமாகிவிடும்.

சூடாக்க மறந்தவனை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். முதல் சொட்டு விழும், பிளாஸ்க் முழுக்க இளஞ்சிவப்பாகும், நிறம் போகாது. "சார், ஒரு சொட்டிலேயே எண்ட் பாயிண்ட் வந்துவிட்டது" என்று ஓடிவருவான். எண்ட் பாயிண்ட் இல்லை, வினை இன்னும் தொடங்கவே இல்லை. சூடாக்கினவனுக்கும்கூட முதல் சில சொட்டு மெதுவாகவே நிறம் இழக்கும், அப்புறம் விழ விழ மறையும். "ஏன் பின்னால் வேகம் பிடிக்கிறது?" என்று கேட்பதற்காகவே சில எக்ஸ்டர்னல் வருவார்கள். வினையில் உண்டாகும் Mn2+ அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாக வேலை செய்கிறது. தானே தன்னை வேகப்படுத்திக்கொள்ளும் வினை, ஆட்டோகேட்டலிசிஸ். சமன்பாடு எழுதச் சொன்னால் இது:

```
2MnO4- + 5C2O4^2- + 16H+ → 2Mn2+ + 10CO2 + 8H2O
MnO4- + 5Fe2+ + 8H+ → Mn2+ + 5Fe3+ + 4H2O
```

இரண்டிலும் H+ எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துவைத்துக்கொள். அமிலத்தைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் போதாவிட்டால், அல்லது பர்மாங்கனேட்டை அவசரப்பட்டு வேகமாக ஊற்றினால், பிளாஸ்கில் பழுப்புக் கலங்கல் வரும். அது மாங்கனீஸ் டைஆக்சைடு. பர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்கி Mn2+ ஆகவேண்டியது, மூன்றே வாங்கிப் பாதியில் நின்றுவிட்டது. உன் ஈக்விவேலன்ட் எடை 158-ஐ ஐந்தால் வகுத்து வந்த 31.6 என்பதால், மூன்றாக நின்ற அந்தப் பங்குக்குக் கணக்கே பொருந்தாது. பழுப்பைப் பார்த்தால் அந்த பிளாஸ்கைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடு. இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதே.

"ஏன் சல்ஃப்யூரிக்? ஹைட்ரோகுளோரிக் கூடாதா? நைட்ரிக்?" ஹைட்ரோகுளோரிக்கில் உள்ள குளோரைடைப் பர்மாங்கனேட் குளோரினாக ஆக்சிடைஸ் செய்யும், இரும்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிதாக. பர்மாங்கனேட் வீணாகச் செலவாகி டைட்டர் கூடும். நைட்ரிக் தானே ஆக்சிடைசிங் ஏஜெண்ட், பர்மாங்கனேட் செய்யவேண்டிய வேலையில் கொஞ்சத்தை அதுவே செய்துவிடும், டைட்டர் குறையும். சல்ஃப்யூரிக் இரண்டும் செய்யாது.

ஃபெரஸுக்கு மோர் சால்ட் கொடுத்திருந்தால், "ஃபெரஸ் சல்ஃபேட் இருக்க, இது எதற்கு?" என்று கேட்கலாம். ஃபெரஸ் சல்ஃபேட் படிகம் தண்ணீரை இழக்கும், காற்றில் ஆக்சிடைஸும் ஆகும். மோர் சால்ட் அந்த அளவுக்கு மாறாது. அதன் எடை 392, இழப்பது ஒரு எலக்ட்ரான், ஆகவே ஈக்விவேலன்ட் எடையும் 392. கரைசலில் கொஞ்சம் சல்ஃப்யூரிக் சேர்த்து வைப்பது ஃபெரஸ் ஹைட்ரலைஸ் ஆகிப் படியாமலும் சீக்கிரம் ஆக்சிடைஸ் ஆகாமலும் இருக்க. உன் டைட்டர் 18.6, 18.5, 18.3 என்று ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே போனால், கை தப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. கரைசலை எடுத்துவைத்துவிட்டு ரொம்ப நேரம் விட்டிருக்கிறாய், ஃபெரஸ் ஃபெரிக் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கைத் தப்பு மேலும் கீழுமாக ஆடும், ஒரே பக்கம் நகராது.

சில எக்ஸ்டர்னல் டைக்குரோமேட்டுக்குத் தாவுவார்கள்: "இதே இரும்பை டைக்குரோமேட்டில் செய்தால்?" டைக்குரோமேட் பிரைமரி ஸ்டாண்டர்டு, எடைபோட்டால் போதும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கும் பரவாயில்லை. ஆனால் வினையில் வரும் குரோமிக் அயனியின் பச்சையில் முடிவு தெரியாது, அதனால் டைஃபீனைல்அமீன் போன்ற இண்டிகேட்டர் வேண்டும். பர்மாங்கனேட்டுக்கு அது வேண்டாம், ஒரு துளி மிஞ்சினாலே தன் நிறத்தைத் தானே காட்டும், செல்ஃப் இண்டிகேட்டர். ஆறு இணைதிறன் குரோமியம் நச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். குரோமேட் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று ராணிப்பேட்டைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

பர்மாங்கனேட்டை ரப்பர் குழாயும் கிளிப்பும் வைத்த பியூரெட்டில் எடுக்கக் கூடாது, ரப்பரை அது தின்றுவிடும். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்தான். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

கடைசியாக எண்ட் பாயிண்ட். "எவ்வளவு நேரம் நிறம் நிற்கவேண்டும்?" வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். பயந்தவன் ரோஜாப்பூ நிறம் வரும்வரை ஊற்றுவான், அது ஏற்கெனவே இரண்டு மூன்று சொட்டு அதிகம். முதல் டைட்ரேஷனில் அடர்த்தியாகவும் இரண்டாவதில் வெளிறியும் நிறுத்தினால் பிழை அடிபடாது, அதனால் இரண்டிலும் ஒரே நிறத்தில் நிறுத்து. பிளாஸ்குக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வை. எக்ஸ்டர்னல் உன் மேசைக்கு வரும்போது, நீ முடித்துவைத்த பிளாஸ்கில் நிறம் மங்கிப் போயிருக்கலாம். "எண்ட் பாயிண்டே வரவில்லையே?" என்று காட்டுவார். பதறாதே. மிஞ்சிய பர்மாங்கனேட், பிளாஸ்கில் நிறையச் சேர்ந்திருக்கும் Mn2+ உடன் மெதுவாக வினைபுரிந்து மாங்கனீஸ் டைஆக்சைடு ஆகிறது, அதனால் நேரம் போகப் போக நிறம் மறையும் என்று சொல்லிவிட்டு, பியூரெட்டிலிருந்து இன்னொரு சொட்டு விட்டுக் குலுக்கிக் காட்டு.